இலத்திரன் ஏன் இரண்டு தரம் ஏறுகிறது? ஒரு வரிப்படத்தின் வரலாறு

 

போன கிழமை உயர்தர உயிரியல் பிள்ளைகளின் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒளித்தொகுப்பின் ஒளித்தாக்கத்தில் இலத்திரன் போகும் பாதையை வரையச் சொல்லி ஒரு வினா. எல்லோரும் வரைந்திருந்தார்கள். கோடுகள் நேராக இருந்தன, பெயர்களும் சரியாக இருந்தன. ஆனால் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையின் படத்தில், முதலாவது ஏற்றத்தின் உச்சியிலிருந்து பிளாஸ்தோகுவினோனுக்குப் போகும் அம்புக்குறி மேல்நோக்கிப் போயிருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"மகள், இந்த இடத்தில் இலத்திரன் ஏன் மேலே போகுது?"

"சேர், புத்தகத்தில் வளைஞ்சு வளைஞ்சு போகும். எந்தப் பக்கம் வளையிறது என்று மறந்து போச்சு."

அந்தப் பதில் என்னை விடவில்லை. பிள்ளை படத்தை ஒரு கோலம் மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறாள். அது கோலம் இல்லை, ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க மனிதருக்கு ஏறக்குறைய நாற்பது வருடம் எடுத்தது. அதற்குள் ஒரு ஆசிரியரும் மாணவரும் எதிரெதிராக நின்றார்கள். விடையைக் காணுமுன் அந்த மாணவர் இறந்தும் போனார். அந்தக் கதையை ஒரு தரம் கேட்டால் அம்புக்குறி எந்தப் பக்கம் வளையும் என்பது மறக்காது. பிள்ளைகளுக்காகவும், பிள்ளைகளின் கொப்பியைத் திறந்து பார்க்கும் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

படத்தின் இடப்பக்கம் ஒரு நிலைக்குத்து அச்சு இருக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் வரைய மறப்பது அதைத்தான். படத்தின் உயிரே அந்த அச்சுத்தான். அது தூரத்தைக் காட்டவில்லை, இலத்திரனின் சக்தியைக் காட்டுகிறது. மேலே போகப் போக இலத்திரனுக்குச் சக்தி கூட, அதை இன்னொரு மூலக்கூறுக்குக் கொடுக்கும் ஆற்றலும் கூட. அச்சில் அளவு வோல்ற்றில் இருக்கும். மறைப் பெறுமானங்கள் மேலே, நேர்ப் பெறுமானங்கள் கீழே. அடியில் நீர் இருக்கிறது, ஏறக்குறைய +0.8 வோல்ற்றில். இலத்திரன் கடைசியில் போய்ச்சேரும் என்.ஏ.டி.பி. ஏறக்குறைய −0.3 வோல்ற்றில் இருக்கிறது. நீரிலிருந்து இலத்திரனை எடுத்து அங்கே சேர்க்க வேண்டும் என்றால் 1.1 வோல்ற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக மேலே தூக்க வேண்டும். தானாக நடக்காது. தூக்குவது வெயில்.

இலத்திரன் இந்த உயரத்தை ஒரே ஏற்றத்தில் ஏறுவதில்லை. ஒளித்தொகுதி II இல் ஒரு தரம் ஏறுகிறது. அங்கிருந்து படிப்படியாக இறங்குகிறது. ஒளித்தொகுதி I இல் மறுபடியும் ஏறுகிறது. பிறகு கொஞ்சம் இறங்கி என்.ஏ.டி.பி. இடம் சேர்கிறது. ஏற்றம், இறக்கம், ஏற்றம். புத்தகத்தில் பார்த்தால் ஆங்கில எழுத்து என் மாதிரி இருக்கும். புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் இசட் ஆகும். அதனால்தான் இசட் திட்டம் என்று பெயர்.

இப்போது கேள்வி: இரண்டு ஏற்றம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? இலைக்குள் போய் எட்டிப் பார்த்தவர் யாருமில்லை.

நம்முடைய பழைய தோட்டக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் துலாவால் தண்ணீரை இறைத்து மேட்டில் இருக்கும் ஒரு தொட்டியில் ஊற்றுகிறார். அந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கீழே ஓடி இன்னொரு தொட்டிக்கு வருகிறது. அங்கே இரண்டாவது ஆள் நின்று, அந்தத் தண்ணீரை வாளியால் அள்ளி இன்னும் உயரமான தாங்கியில் ஊற்றுகிறார். கிணறுதான் நீர் மூலக்கூறு, முதல் ஆள் ஒளித்தொகுதி II, இரண்டாவது ஆள் ஒளித்தொகுதி I. வாய்க்காலில் தண்ணீர் இறங்கும்போது அதில் ஒரு சில்லைப் பொருத்தினால் சில்லுச் சுழலும். அந்தச் சில்லின் வேலைதான் ஏ.ரீ.பி. தயாரிப்புக்கு உதவுகிறது. இந்தக் கிணற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இதற்கு வருவேன்.

கதை ஜேர்மனியில் தொடங்குகிறது. ஒட்டோ வார்பேர்க் என்ற பெரிய விஞ்ஞானி. 1931 இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1920களில் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு ஒட்சிசன் மூலக்கூறு வெளிவர எத்தனை போட்டன்கள் வேண்டும்? போட்டன் என்றால் ஒளியின் ஒரு பொதி. ஒளியைச் சில்லறையாக எண்ணினால் ஒரு காசு. 1923 இல் அவர் சொன்ன விடை ஏறக்குறைய நான்கு. நான்கு இலத்திரன், நான்கு போட்டன். கணக்கு அழகாக இருந்தது. இயற்கை இவ்வளவு சிக்கனமானது என்று பலரும் மகிழ்ந்தார்கள்.

அவரிடம் பேர்லினில் படித்த அமெரிக்க மாணவர் ஒருவர் ரொபேர்ட் எமர்சன். 1927 இல் அங்கே கலாநிதிப் பட்டம் முடித்து நாடு திரும்பினார். பிறகு அதே அளவீட்டைத் தானும் செய்து பார்த்தார். அவருக்கு நான்கு வரவில்லை. எட்டு வந்தது, பத்து வந்தது, சில வேளை பன்னிரண்டு வந்தது. எட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை.

யாருடைய அளவீட்டில் பிழை? எமர்சன் கருவியையே சந்தேகித்தார். அந்தக் காலத்தில் ஒட்சிசனை நேரடியாக அளப்பதில்லை. மூடிய பாத்திரத்தில் அல்காவை வைத்து, வெளிவரும் வாயுவால் அமுக்கம் எவ்வளவு மாறுகிறது என்று அமுக்கமானியில் பார்ப்பார்கள். ஆனால் அமுக்கமானிக்கு வாயுவின் பெயர் தெரியாது. ஒட்சிசனும் அதைத் தள்ளும், காபனீரொட்சைட்டும் தள்ளும். விளக்கைப் போட்ட முதல் சில நிமிடங்களில் அல்காவிலிருந்து காபனீரொட்சைட்டு ஒரு வீச்சாக வெளிவருவதை எமர்சனும் அவருடைய சகாவான லூயிசும் 1941 இல் காட்டினார்கள். அதையும் ஒட்சிசன் என்று எண்ணிவிட்டால், குறைந்த ஒளியில் நிறைய ஒட்சிசன் வந்தது போலத் தெரியும். பத்துப் போட்டன் வேலை நான்கு போட்டனில் முடிந்தது போலத் தோன்றும்.

வார்பேர்க் ஏற்கவில்லை. 1948 இல் அவரே அமெரிக்காவுக்கு, இலினோய் பல்கலைக்கழகத்தில் எமர்சன் இருந்த அர்பானாவுக்கு வந்தார். ஒரே ஊரில் இருந்து அளந்தும் இருவருக்கும் உடன்பாடு வரவில்லை. வார்பேர்க் 1970 இல் இறக்கும் வரை தன் கருத்தை விடவில்லை. நோபல் பரிசு பெற்ற ஆசிரியரிடம் "உங்கள் எண் பிழை" என்று ஒரு மாணவர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. அவர் சத்தம் போட்டு வாதாடியதை விட, திரும்பத் திரும்ப அளந்ததுதான் அதிகம்.

அப்படி அளந்துகொண்டிருந்தபோதுதான் இன்னொரு விசித்திரம் கண்ணில் பட்டது. எமர்சனும் லூயிசும் குளோரெல்லா என்ற பச்சை அல்காவுக்கு ஒவ்வொரு நிறமாக ஒளியைக் கொடுத்து, உறிஞ்சிய ஒவ்வொரு போட்டனுக்கும் எவ்வளவு ஒட்சிசன் என்று பார்த்தார்கள். 1943 இல் வந்த முடிவு இது: சிவப்பு ஒளியில் 680 நானோமீற்றர் வரைக்கும் எல்லாம் ஒழுங்கு. ஏறக்குறைய 685 ஐத் தாண்டியதும் விளைவு திடீரென்று விழுந்தது. ஆனால் அந்த ஒளியையும் குளோரபில் உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தது! ஒளி உள்ளே போகிறது, வேலை வெளியே வரவில்லை. இதைச் செந்நிற வீழ்ச்சி என்று சொல்வார்கள்.

பதினான்கு வருடம் கழித்து, 1957 இல், எமர்சனும் அவருடைய குழுவினரும் அடுத்த அடியை வைத்தார்கள். வேலை செய்யாத அந்தத் தூரச் சிவப்பு ஒளியோடு, குறைந்த அலைநீளமுள்ள இன்னொரு ஒளியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கணக்கு விளங்குவதற்காக இலகுவான எண்களைப் போடுகிறேன். தூரச் சிவப்பு தனியாக 10 அளவு ஒட்சிசன் தருகிறது. மற்ற ஒளி தனியாக 40 தருகிறது. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் 50 தானே வரவேண்டும்? வந்தது 70 மாதிரி. மேலதிகமான 20 எங்கிருந்து வந்தது?

கிணற்றடிக்கு வாருங்கள். தூரச் சிவப்பு ஒளி இரண்டாவது ஆளுக்கு மட்டும் கொடுக்கும் சாப்பாடு. அவர் தெம்பாக நிற்கிறார். ஆனால் முதல் ஆள் பசியில் கிடப்பதால் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை. அள்ளுவதற்கு ஒன்றுமில்லை. அதுதான் செந்நிற வீழ்ச்சி. மற்ற ஒளி முதல் ஆளுக்கு நிறையவும் இரண்டாவது ஆளுக்குக் கொஞ்சமாகவும் போகும் சாப்பாடு. முதல் ஆள் இறைத்துத் தள்ளுகிறார், இரண்டாவது ஆளால் ஈடுகொடுக்க முடியவில்லை, தொட்டி நிரம்பி நிற்கிறது. இரண்டு சாப்பாட்டையும் ஒன்றாகக் கொடுத்தால் இருவரும் சமமாக வேலை செய்கிறார்கள். கூட்டியதை விடக் கூடுதலான தண்ணீர் மேலே போகிறது. ஒரே ஆள் மட்டும் இருந்தால் இப்படி ஒருபோதும் வராது. வெவ்வேறு நிறத்தை விரும்பும் இரண்டு பேர், ஒருவர் பின் ஒருவராக நின்றால் மட்டுமே இது வரும்.

இந்த விளக்கம் முழுமையாக உருவாவதை எமர்சன் பார்க்கவில்லை. 1959 பெப்ரவரி 3 ஆம் திகதி அவர் பயணம் செய்த விமானம் நியூயோர்க்கில் தரையிறங்கும்போது ஈஸ்ற் ஆற்றில் விழுந்தது. அதில் அவர் இறந்தார்.

அவரிடம் அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களில் இந்தியாவின் அலகாபாத்திலிருந்து போன இருவர் இருந்தார்கள். ஒருவர் கோவிந்ஜி, மற்றவர் பின்னாளில் அவருடைய மனைவியான ரஜ்னி வர்மா. ஆசிரியர் திடீரென்று இல்லாமல் போன நிலையில் கோவிந்ஜி அதே பல்கலைக்கழகத்தில் இருந்த ரபினோவிச்சின் கீழ் வேலையைத் தொடர்ந்து 1960 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஒரு சிக்கலை அவர்கள் அவிழ்த்தார்கள். முதல் ஆளின் சாப்பாட்டை உறிஞ்சுவது குளோரபில் பீ போன்ற துணை நிறப்பொருட்கள் மட்டும்தான் என்று எமர்சன் எண்ணியிருந்தார். துணை நிறப்பொருள் எப்படித் தனியாக ஒரு தாக்கத்தை நடத்தும் என்ற சந்தேகம் அதனால் எழுந்தது. அந்தப் பக்கத்திலும் குளோரபில் ஏ இன் ஒரு வடிவம் வேலை செய்கிறது என்று கோவிந்ஜியும் ரபினோவிச்சும் 1960 இல் காட்டினார்கள். ஆகவே இரண்டு ஆட்களும் சம தரமான ஆட்கள். ஒருவர் எசமான், மற்றவர் எடுபிடி என்றில்லை. கோவிந்ஜி பிற்காலத்தில் இந்த இசட் திட்டத்தின் வரலாற்றை எழுதுவதிலும் வரைவதிலும் பல வருடம் செலவிட்டார்.

இதுவரை ஒளியைக் கொடுத்து வாயுவை அளந்தவர்களின் கதை. இதே காலத்தில் கேம்பிரிட்ஜில் ஒருவர் வேறு வாசலால் அதே வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். அவர் ரொபின் ஹில். இலையை அரைத்துப் பச்சையவுருமணியைப் பிரித்தெடுத்து, அதற்கு ஒரு இரும்பு உப்பைக் கொடுத்து ஒளி பாய்ச்சினால், காபனீரொட்சைட்டு இல்லாமலே ஒட்சிசன் வெளிவரும் என்று 1930களின் கடைசியில் காட்டியவர். பாடப்புத்தகத்தில் ஹில் தாக்கம் என்று படிப்பது இவரைத்தான்.

அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் பச்சையவுருமணிக்குள் இரண்டு சைட்டோக்குரோம்களைக் கண்டுபிடித்தார்கள். சைட்டோக்குரோம் என்பது இலத்திரனை வாங்கிக் கொடுக்கும் ஒரு புரதம். ஒன்றுக்கு எப் என்று பெயர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் முதல் எழுத்து அது. மற்றது பீ6. எப் இன் இடம் ஏறக்குறைய +0.37 வோல்ற்று. பீ6 இன் இடம் ஏறக்குறைய பூச்சியம்.

இந்த இரண்டு எண்களையும் அச்சில் குறித்துப் பாருங்கள். அடியில் நீர் +0.8. அதற்கு மேலே எப் +0.37. அதற்கு மேலே பீ6 பூச்சியம். உச்சியில் என்.ஏ.டி.பி. −0.3. இலத்திரன் ஒரே ஏற்றமாக மேலே போகிறதென்றால் வழியில் இந்த இரண்டு தரிப்பிடங்கள் எதற்கு? தரிப்பிடத்திலிருந்து தரிப்பிடத்துக்கு இலத்திரன் தானாகப் போவதென்றால் மேலிருந்து கீழே, பீ6 இலிருந்து எப் க்குத்தான் போகும். ஹில்லும் பே பென்டல் என்ற பெண் ஆய்வாளரும் 1960 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதிய சிறு கட்டுரையின் சாரம் இதுதான்: ஒரு ஒளித்தாக்கம் நீரின் இலத்திரனைப் பீ6 இன் மட்டத்துக்கு ஏற்றுகிறது, அது எப் க்கு இறங்குகிறது, இறங்கும்போது வெளிவரும் சக்தி ஏ.ரீ.பி. செய்ய உதவுகிறது, எப் இலிருந்து இரண்டாவது ஒளித்தாக்கம் அதை உச்சிக்கு ஏற்றுகிறது. தலைப்பிலேயே இதை ஒரு செயற்பாட்டுக் கருதுகோள் என்றுதான் சொன்னார்கள். தரிப்பிடங்களின் உயரத்தை வைத்துப் பாதையின் வடிவத்தை ஊகித்தார்கள்.

ஊகத்தை நிரூபிப்பது எப்படி? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும்!

1961 இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் லூ டுய்சென்சும் அவருடைய சகாக்களும் அதைச் செய்தார்கள். அவர்கள் எடுத்தது போர்பிரிடியம் என்ற செவ்வல்கா. அதை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த அல்காவில் இரண்டு ஆட்களின் சாப்பாடும் நிறத்தாலேயே நன்றாகப் பிரிந்திருக்கும். சிவப்பு ஒளி, 680 நானோமீற்றர், பெரும்பாலும் இரண்டாவது ஆளுக்கு. பச்சை ஒளி, ஏறக்குறைய 560 நானோமீற்றர், அல்காவின் செந்நிறப் பொருளால் உறிஞ்சப்பட்டுப் பெரும்பாலும் முதல் ஆளுக்கு. நடுவில் இருக்கும் சைட்டோக்குரோம்தான் தொட்டி. அதில் இலத்திரன் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அது ஒளியை உறிஞ்சும் விதம் மாறும். மெல்லிய இன்னொரு ஒளிக்கற்றையை அனுப்பி அந்த மாற்றத்தை அளந்தால் தொட்டியின் மட்டம் தெரிந்துவிடும்.

சிவப்பு ஒளியைப் போட்டார்கள். சைட்டோக்குரோம் இலத்திரனை இழந்தது. தொட்டி வற்றியது. சிவப்பை அணைக்காமல், அதன் மேல் பச்சை ஒளியையும் போட்டார்கள். சைட்டோக்குரோம் இலத்திரனைத் திரும்பப் பெற்றது. தொட்டி நிரம்பியது. ஒரே அல்கா, ஒரே புரதம்; ஒரு நிறம் வெறுமையாக்குகிறது, மற்ற நிறம் நிரப்புகிறது.

அத்தோடு நிற்கவில்லை. டயூரோன் என்ற களைநாசினியைக் கொஞ்சம் சேர்த்தார்கள். இப்போது பச்சை ஒளியால் தொட்டியை நிரப்ப முடியவில்லை. பச்சையும் தன்னிடமுள்ள சிறு பங்கால் வற்றவைக்கத்தான் செய்தது. முதல் ஆளுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள வாய்க்காலை டயூரோன் அடைத்துவிட்டது. இரண்டாவது ஆளின் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. இதை விடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா? இரண்டு ஒளித்தாக்கங்கள் வரிசையில் நிற்கின்றன, நடுவில் சைட்டோக்குரோம் இருக்கிறது என்பது அன்று ஊகமாக இருந்த நிலை மாறியது.

பிள்ளைகள் எப்போதும் கேட்கும் ஒரு கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. "சேர், இலத்திரன் முதலில் போவது ஒளித்தொகுதி II க்கு, பிறகுதான் I க்கு. ஏன் தலைகீழாக இலக்கமிட்டார்கள்?" டுய்சென்ஸ் சைட்டோக்குரோமிலிருந்து இலத்திரனைப் பறிக்கும் சிவப்பு ஒளித் தொகுதியை ஒன்று என்றும், திரும்பக் கொடுக்கும் தொகுதியை இரண்டு என்றும் பெயரிட்டார். அவர் பாதையின் வரிசையில் எண்ணவில்லை. அந்த இலக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. பிள்ளைகள் அதைப் பாதையின் ஒழுங்கு என்று எடுத்துப் படத்தைத் தலைகீழாக வரைந்து புள்ளி இழக்கிறார்கள்.

ஒளித்தொகுதி I இன் மையத்தை பீ 700 என்கிறோமே, அதை 1950களின் நடுப்பகுதியில் கண்டவர் பெசல் கொக். 700 நானோமீற்றரில் உறிஞ்சும் நிறப்பொருள் என்பதுதான் பெயரின் பொருள். ஒளித்தொகுதி II இன் மையம் பீ 680. எமர்சனின் செந்நிற வீழ்ச்சி 685 ஐத் தாண்டி ஏன் தொடங்கியது என்பது இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே விளங்கும். அங்கே முதல் ஆளுக்குச் சாப்பாடு முடிகிறது, இரண்டாவது ஆளுக்கு இன்னும் கிடைக்கிறது.

இப்போது எமர்சனின் எட்டுக்கு வருவோம். ஒரு ஒட்சிசன் மூலக்கூறு வர இரண்டு நீர் மூலக்கூறுகள் உடைய வேண்டும். அதிலிருந்து நான்கு இலத்திரன்கள். ஒவ்வொரு இலத்திரனும் இரண்டு தரம் ஏற வேண்டும். ஏற்றத்துக்கு ஒரு போட்டன். நான்கை இரண்டால் பெருக்கினால் எட்டு. நட்டம் எதுவும் இல்லாவிட்டால் எட்டு, கொஞ்சம் சிந்தினால் ஒன்பது, பத்து. எமர்சன் எட்டுக்குக் கீழே போக முடியாமல் தவித்ததன் காரணம் இதுதான். அவருடைய அளவீடு சரி. ஆசிரியரின் நான்கு, ஒரே ஏற்றம் இருந்தால் மட்டும் சாத்தியம்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இங்கே கையை உயர்த்தும். "சேர், 680 நானோமீற்றர் போட்டன் ஒன்றில் 1.8 இலத்திரன் வோல்ற்று இருக்கு. தேவையோ 1.1 தான். ஒரு போட்டனே போதுமே?" நல்ல கேள்வி. தாளில் கணக்குப் போட்டால் போதும். ஆனால் ஏறிய இலத்திரன் அதே இடத்துக்குத் திரும்பி விழ எந்த நேரமும் தயாராக இருக்கும். விழாமல் இருக்க, ஏறிய உடனேயே அதைச் சில படிகள் இறக்கித் தூர எடுத்துப் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சச் சக்தி போய்விடும்; அந்தப் படிகளால்தான் அது திரும்பி ஏறி வர முடியாது. அத்தோடு நீரிலிருந்து இலத்திரனைப் பறிப்பதற்கு பீ 680 நீரை விடக் கீழே, ஏறக்குறைய +1.2 வோல்ற்றில் இருக்க வேண்டும். அவ்வளவு கீழே நின்றுகொண்டு, இடையில் படிகளுக்கும் செலவழித்து, ஏ.ரீ.பி. க்கும் பங்கு கொடுத்து, ஒரே ஏற்றத்தில் உச்சியைத் தொட ஒரு சிவப்புப் போட்டனால் முடியாது. அதனால்தான் இரண்டு.

இனி அந்த மகளின் அம்புக்குறிக்கு வருகிறேன். ஒளி விழும் இரண்டு இடங்களில் மட்டும் அம்பு மேலே போகும்: பீ 680 இல் ஒன்று, பீ 700 இல் ஒன்று. மற்ற எல்லா அம்புகளும் கீழே. நீரிலிருந்து பீ 680 க்குக் கீழே. உச்சியிலிருந்து பிளாஸ்தோகுவினோனுக்கு, அங்கிருந்து சைட்டோக்குரோம் தொகுதிக்கு, பிளாஸ்தோசயனினுக்கு, பீ 700 க்கு எல்லாம் கீழே. இரண்டாவது உச்சியிலிருந்து பெரடொக்சினுக்கும் என்.ஏ.டி.பி. க்கும் கீழே. ஒளி விழாத இடத்தில் மேலே போகும் அம்பு ஒன்று உங்கள் படத்தில் இருந்தால், எரிபொருள் இல்லாமல் தண்ணீர் மோட்டர் ஓடுகிறது என்று எழுதியதற்குச் சமம். படத்தை மறந்தாலும் இந்த ஒரு சோதனை பிழையைக் காட்டிக் கொடுக்கும்.

இன்னொன்று. இந்தப் படம் வரைபடம் அல்ல. இலைக்குள் ஒளித்தொகுதி I ஒளித்தொகுதி II க்கு வலப்பக்கத்தில், கொஞ்சம் மேலே ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஒளித்தொகுதி II பெரும்பாலும் அடுக்கடுக்கான மென்சவ்வுகளிலும் I பெரும்பாலும் அடுக்கில்லாத பகுதிகளிலும் இருக்கிறது. அவற்றுக்கு இடையே இலத்திரனைச் சுமந்து திரிவது பிளாஸ்தோகுவினோனும் பிளாஸ்தோசயனினும்தான். ஹில் வரைந்த வரிசையும் இன்று அப்படியே இல்லை. பீ6 உம் எப் உம் ஒரே புரதத் தொகுதியின் பாகங்கள். பீ6 இலிருந்து எப் க்கு நேராக இலத்திரன் விழுவதில்லை. ஆனால் ஏற்றம், இறக்கம், ஏற்றம் என்ற வடிவம் 1960 இலிருந்து அசையவில்லை.

இதெல்லாம் நமக்குத் தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். குடாநாட்டில் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செய்தவர்களுக்குப் பரகுவாற் தெரிந்திருக்கும். கிராமக்சோன் என்ற பெயரில் வந்த களைநாசினி. நல்ல வெயிலில் அடித்தால் சில மணித்தியாலத்திலேயே புல் கருகத் தொடங்கும், மப்பும் மந்தாரமுமாக இருந்தால் தாமதிக்கும். விவசாயி அனுபவத்தில் கண்ட இந்த உண்மை இசட் படத்தில் அப்படியே இருக்கிறது. பரகுவாற்றின் இடம் அச்சில் ஏறக்குறைய −0.45 வோல்ற்று. ஒளித்தொகுதி I இன் உச்சியிலிருந்து இறங்கும் இலத்திரனை, என்.ஏ.டி.பி. க்குப் போகவிடாமல் வழிமறித்துப் பறித்து, ஒட்சிசனிடம் கொடுக்கிறது. அப்போது உருவாகும் நச்சு வடிவமான ஒட்சிசன் மென்சவ்வுகளை உடைக்கிறது. வெயில் கூடினால் ஏறும் இலத்திரன் கூடும், பறிப்பதும் கூடும், கருகலும் விரைவாகும். டயூரோன் அப்படியல்ல, அது முன்னாலேயே வாய்க்காலை அடைக்கிறது. பயிர் அதை வேரால் உறிஞ்சி மெல்ல மெல்ல மஞ்சளாகிச் சாகும்.

மனிதனின் உடம்பில் ஒளித்தொகுதி இல்லை. ஆனால் இலத்திரன் கொடுக்கக்கூடிய வேறு நொதியங்கள் இருக்கின்றன. பரகுவாற் அங்கேயும் அதே வேலையைச் செய்யும், முக்கியமாக நுரையீரலில். முறிவு மருந்து இல்லை. எத்தனையோ வீடுகளைத் துக்கத்தில் ஆழ்த்திய அந்த மருந்தை நம் நாடு 2008 இலிருந்து படிப்படியாகக் கட்டுப்படுத்தி 2011 உடன் தடை செய்தது. பழைய கொட்டிலில் மீதிப் போத்தல் கிடந்தால் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் வேண்டாம். விவசாயத் திணைக்கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு வினாவோடு முடிக்கிறேன். ஒரு இலைக்கு முதலில் டயூரோன் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு பரகுவாற் தெளிக்கிறோம். நல்ல வெயில். இலை வழமை போல வேகமாகக் கருகுமா, தாமதிக்குமா? தொட்டியின் மட்டத்தை நினைத்துக்கொண்டு விடை எழுதுங்கள். காரணத்தோடு எழுத வேண்டும், ஆம், இல்லை என்று மட்டும் போடக்கூடாது. அந்த அம்புக்குறியை மேலே வரைந்த மகள் நேற்று வகுப்பில் சரியான விடையைச் சொல்லிவிட்டாள். இங்கே எழுத வேண்டாம் என்று அவளைக் கேட்டிருக்கிறேன்.

இன்ஷா அல்லாஹ், விடையை ஞாயிற்றுக்கிழமை பதிகிறேன். வஸ்ஸலாம்.